ஏடுகளை எரித்தார்கள், படிவத்தை வைத்துக்கொண்டார்கள்

கேள்வி: மாவோ காலத்துச் சீனக் கலாச்சாரப் புரட்சியில் பள்ளிகளை மூடினார்கள், பழைய வழக்கங்களை அழித்தார்கள் என்று படித்திருக்கிறேன். ஆனால் பெற்றவர்களையே பிள்ளைகள் காட்டிக்கொடுக்கும் அளவுக்கு அது எப்படிப் போனது?

பதில்:

மாவோமீது பிள்ளைகளுக்கு இருந்த பக்தியே காரணம் என்று பலரும் சொல்வதுண்டு. பக்தி இருந்தது உண்மைதான். ஆனால் அது மட்டும் ஒரு பதினாறு வயதுப் பையனைத் தாய்க்கு எதிராகப் புகார் எழுத வைத்துவிடாது என்பது, இந்தக் காலத்தைப் பற்றிச் சில ஆண்டுகளாகப் படித்துவரும் என்னுடைய கருத்து. அவன் எங்கே படிக்கலாம், என்ன வேலைக்குப் போகலாம் என்பதெல்லாம் பெற்றோரின் பெயருக்கு நேரே அரசு எழுதிவைத்திருந்த ஒரு சொல்லைச் சார்ந்திருந்தது. அந்தச் சொல்லைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் பள்ளிகள் மூடப்பட்ட கதை.

1966 மே 16ஆம் நாள் கம்யூனிஸ்ட் கட்சியின் மையக் குழு வெளியிட்ட சுற்றறிக்கையோடு இயக்கம் தொடங்கியது. ஒன்பது நாள் கழித்துப் பெய்ஜிங் பல்கலைக்கழகத்தில் நிர்வாகத்தைத் தாக்கிப் பெரிய எழுத்துச் சுவரொட்டி ஒன்று ஒட்டப்பட்டது. ஜூன் 1 அன்று மாவோவின் உத்தரவின்படி அதை வானொலியில் வாசித்ததும், ஆசிரியர்களைக் குற்றம் சாட்டலாம் என்ற அனுமதி நாடு முழுவதற்கும் கிடைத்துவிட்டது. பெய்ஜிங்கின் ஒரு பெண்கள் பள்ளியின் இறுதியாண்டு மாணவியர், கல்லூரி நுழைவுத் தேர்வு மன்னராட்சிக் காலத்து அரசுத் தேர்வுமுறையின் மிச்சம், அதை ஒழிக்க வேண்டும் என்று மையக் குழுவுக்கே கடிதம் எழுதினர். ஜூன் 13 அன்று வந்த அரசு அறிவிப்பு கல்லூரிச் சேர்க்கையை ஆறு மாதத்திற்கு ஒத்திவைத்தது. அந்த ஆறு மாதம் பதினோரு ஆண்டுகளாக நீண்டது. தொடக்கப் பள்ளிகளும் நடுநிலைப் பள்ளிகளும் 1967, 68 வாக்கில் மெல்லத் திறந்தாலும், மதிப்பெண் பார்த்துக் கல்லூரியில் சேர்க்கும் தேர்வு 1977 டிசம்பர் வரை முறையாக நடக்கவில்லை.

பாடமும் தேர்வும் இல்லாமல் போனபோது மாணவர்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை, பள்ளி வளாகத்திலேயே இருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மே மாத இறுதியில் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நடுநிலைப் பள்ளியில் செங்காவலர் என்ற பெயரில் மாவோவைப் பின்பற்றும் மாணவர்களின் முதல் குழு உருவாகியிருந்தது. ஆகஸ்ட் 5 அன்று, பெய்ஜிங் ஆசிரியர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பெண்கள் பள்ளியில், துணைத் தலைமையாசிரியை பியான் சுங்யுன் தம் மாணவியராலேயே அடித்துக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது ஐம்பது, பிள்ளைகள் நான்கு பேர். கணவர் ஒரு கேமரா வாங்கிவந்து உடலைப் படமெடுத்து, இரத்தக்கறை படிந்த உடைகளையும் பத்திரப்படுத்தினார். சரியாகப் பதின்மூன்று நாள் கழித்துத் தியானென்மென் சதுக்கத்தில் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் கூடியபோது, அதே பள்ளியைச் சேர்ந்த சோங் பின்பின் என்ற மாணவி மாவோவின் கையில் செங்காவலர் பட்டையைக் கட்டிவிட்டார். பின்பின் என்றால் பண்பானவள் என்ற பொருள்தானே என்று கேட்ட மாவோ, போர்க்குணம் அல்லவா வேண்டும் என்றார். அந்த ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பெய்ஜிங்கில் மட்டும் 1,772 பேர் கொல்லப்பட்டதாகப் பிற்காலத்து அதிகாரபூர்வக் கணக்கு சொல்கிறது. ஆசிரியர்களைக் காக்கத் தவறியதற்காகச் சோங் பின்பின் 2014இல் மன்னிப்புக் கேட்டார். ஆசிரியையின் கணவர் அதை ஏற்கவில்லை.

பழைய எண்ணம், பழைய பண்பாடு, பழைய பழக்கம், பழைய வழக்கம் ஆகிய நான்கையும் ஒழிப்பது என்ற முழக்கம் இந்த இளைஞர்களுக்கு வீட்டுக் கதவுகளைத் திறந்துவிட்டது. தெருக்களின் பெயரை மாற்றியது அதன் வெளித்தோற்றம் மட்டுமே. சோவியத் தூதரகம் இருந்த தெரு, மார்க்சியத்தைத் திரித்தவர்கள் என்று சோவியத்தைச் சாடும் வகையில், திருத்தல்வாத எதிர்ப்புச் சாலை ஆயிற்று. சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டி நிற்பது புரட்சிக்கு அவமானம், சிவப்புக்குத்தான் போக வேண்டும் என்றுகூட ஒரு யோசனை வந்து, பிரதமர் சௌ என் லாய் தலையிட்டு அதைத் தடுக்க வேண்டியிருந்தது. இதைப் படித்துச் சிரிப்பவர்கள் பெய்ஜிங்கின் மற்றொரு கணக்கையும் பார்க்க வேண்டும்: 1958இல் பதிவான 6,843 பண்பாட்டுச் சின்னங்களில் 4,922 அழிந்தன, பெரும்பகுதி அந்த இரண்டே மாதங்களில். நவம்பரில் பெய்ஜிங்கிலிருந்து சென்ற ஒரு குழு கன்பூசியஸின் ஊரான சூஃபூவில் அவருடைய கோயிலையும் கல்லறைகளையும் உடைத்தது.

குடும்பத்தை நேராகத் தொட்டது வீடு புகுந்து நடத்திய சோதனைதான். முன்னோர் பெயர் பொறித்த மரப்பலகை, அடுப்பங்கரைத் தெய்வத்தின் படம், பழைய நிலப் பத்திரம், தலைமுறை தலைமுறையாக எழுதிவந்த குலவரலாற்று ஏடு ஆகியவை சிக்கினால் தெருவில் போட்டு எரித்தார்கள். சிக்கும் முன்பே தாங்களாக எரித்தவர்களும், மண்ணில் புதைத்து வைத்தவர்களும் உண்டு. சீனக் குடும்பத்தில் அந்த ஏடு பெயர்ப்பட்டியல் மட்டுமன்று. யாருக்கு யார் எந்த முறை, எந்தத் தலைமுறைப் பிள்ளைக்கு எந்த எழுத்தில் பெயர் வைப்பது என்பதெல்லாம் அதில்தான் இருந்தது. 1967 ஜனவரி இறுதியில் வசந்த விழா விடுமுறையையும் அரசு நீக்கிவிட்டது. ஆண்டுக்கொரு முறை எல்லாரும் வீடு திரும்பி முன்னோரை வணங்கும் நாள் அது.

இப்படி எல்லாக் குல ஏடுகளையும் எரித்த அதே அரசு, தன்னிடமிருந்த ஒரு குல ஏட்டை மட்டும் எரிக்கவே இல்லை. அதுதான் நான் முதலில் சொன்ன சொல் இருந்த இடம். 1950ஐ ஒட்டி நிலச் சீர்திருத்தம் நடந்தபோது ஒவ்வொரு குடும்பத்துக்கும் நிலக்கிழார், பணக்கார விவசாயி, ஏழை விவசாயி, தொழிலாளி என ஒரு வர்க்கப் பெயர் கொடுத்தார்கள். நிலம் போய்ப் பதினைந்து ஆண்டுகள் ஆனபிறகும் அந்தப் பெயர் போகவில்லை; தந்தை வழியாக மகனுக்கும் பேரனுக்கும் இறங்கியது. பள்ளியிலும் வேலையிலும் நிரப்பும் ஒவ்வொரு படிவத்திலும் குடும்பப் பின்னணி என்ற கட்டம் இருந்தது. நிலக்கிழார், பணக்கார விவசாயி, எதிர்ப்புரட்சியாளர், தீயவர், வலதுசாரி ஆகிய ஐந்தும் கறுப்பு வகை. அப்பன் வீரனென்றால் மகனும் வீரன், அப்பன் துரோகியென்றால் மகனும் போக்கிரி என்ற பொருளில் செங்காவலர்கள் ஒரு ஈரடியை வாசலில் ஒட்டிவைத்து, அதை ஒப்புக்கொள்ளாதவரை உள்ளே விடவில்லை. இரத்தத்தை நம்பும் பழைய வழக்கம் ஒன்றுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

இதை அப்போதே எழுதிக் காட்டியவர் யூ லுவோக்கே என்ற இளம் தொழிலாளி. பெற்றோர் வலதுசாரிகள் என்று முத்திரை குத்தப்பட்டதால் அவருக்குக் கல்லூரி மறுக்கப்பட்டிருந்தது. 1967 ஜனவரியில் மாணவர்கள் அச்சிட்ட ஒரு சிற்றிதழில், பிறப்பை வைத்து மனிதனை எடைபோடக் கூடாது என்று அவர் வாதிட்ட கட்டுரை வெளிவந்து பரவியது. மறு ஜனவரியில் கைதான அவரை, 1970 மார்ச் 5 அன்று பெய்ஜிங் தொழிலாளர் விளையாட்டரங்கில் நடந்த பொதுக்கூட்டத்தில் தண்டனை அறிவித்துக் கொன்றார்கள். அப்போது அவருக்கு வயது 27.

கறுப்புப் பெயரிலிருந்து தப்ப விரும்பும் பிள்ளைக்கு அரசு காட்டிய வழி ஒன்றே ஒன்று: பெற்றோருடன் கோடு கிழித்துக்கொள்வது. குற்றம் சாட்டி எழுத வேண்டும், கூட்டத்தில் பேச வேண்டும், சிலர் பெயரையும் மாற்றிக்கொண்டார்கள். அன்ஹுயி மாகாணத்தின் குசென் மாவட்டத்தில் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். அங்கே ஃபாங் சுங்மோ என்ற பெண்ணின் தந்தைமீது முன்பே அரசியல் குற்றச்சாட்டு இருந்ததால் ஃபாங்கும் விசாரணையில் இருந்தவர்; கணவரும் கட்சிக்குள் இருந்துகொண்டே முதலாளித்துவப் பாதையில் போகிறவர் என்று கூட்டங்களில் நிறுத்தப்பட்டவர். மகன் ஜாங் தன் பெயரைச் செம்படைவீரன் என்ற பொருள்தரும் ஹோங்பிங் என்று 1966இல் மாற்றிக்கொண்டிருந்தான். 1970 பிப்ரவரி 13 இரவு வீட்டுப் பேச்சின் நடுவே, மாவோவைத் துதிப்பதைத் தாய் கண்டித்து, பதவி பறிக்கப்பட்ட குடியரசுத் தலைவர் லியூ ஷாவோச்சிக்கு ஆதரவாகப் பேசிவிட்டார். கணவர் புகார் கொடுக்கக் கிளம்பினார். அவர் கொடுக்காமல் விட்டுவிடுவாரோ என்று அஞ்சிய மகன், தானே ஒரு கடிதம் எழுதி, தன் செங்காவலர் சின்னத்தையும் அதனுடன் வைத்து, இராணுவப் பிரதிநிதியின் வீட்டுக் கதவுக்கடியில் தள்ளினான். இரண்டு மாதம் முடியுமுன், ஏப்ரல் 11 அன்று, அந்தப் பெண் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இதில் என்னை நிறுத்திவைப்பது, கணவரும் மகனும் ஒருவரை ஒருவர் முந்த முயன்ற அந்த அவசரம். ஏற்கெனவே கறை படிந்த ஒரு வீட்டில், கேட்டுவிட்டுச் சும்மா இருந்தவன் என்ற குற்றம் எஞ்சிய இருவர்மீதும் விழும். மகன் அன்று உண்மையாகவே மாவோவை நம்பினான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நம்பிக்கையும் அச்சமும் ஒரே திசையில் தள்ளும்போது எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். பின்னாளில் வழக்கறிஞரான அந்த மகன், 2013இல் இவை அனைத்தையும் வெளிப்படையாகச் சொல்லித் தாயிடம் மன்னிப்புக் கேட்டார்.

பெற்றோருடன் கோடு கிழித்தவர்களும் வீட்டில் நிலைக்கவில்லை. 1968 டிசம்பர் 22 அன்று, படித்த இளைஞர்கள் கிராமங்களுக்குச் சென்று ஏழை விவசாயிகளிடம் கற்க வேண்டும் என்ற மாவோவின் கட்டளை நாளிதழில் வந்தது. அதன்பின் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட நகரத்துப் பிள்ளைகள் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். நகரத்தில் வாழ உரிமை தரும் குடும்பப் பதிவும் அத்துடன் போய்விட்டதால், பலருக்குத் திரும்பி வருவது ஆண்டுக்கணக்கில் நடக்காத காரியமாக இருந்தது.

1977 டிசம்பரில் நுழைவுத் தேர்வு திரும்பியபோது, பதினோரு ஆண்டுகளாகக் காத்திருந்தவர்களும் அப்போதுதான் பள்ளி முடித்தவர்களுமாக 57 லட்சம் பேர் எழுதி, 2,73,000 பேர் இடம் பெற்றார்கள். அம்முறை குடும்பப் பின்னணியைவிடத் தேர்வெழுதுபவரின் நடத்தைக்கே முதலிடம் என்று விதியைத் திருத்தியிருந்தார்கள். 1979 ஜனவரியில் மையக் குழு, நிலக்கிழார், பணக்கார விவசாயி என்ற முத்திரைகளைப் பெரும்பாலோரிடமிருந்து நீக்கி, அவர்களுடைய பிள்ளைகளின் படிவத்தில் அந்தக் கட்டத்தில் இனி கம்யூன் எனப்படும் கிராமக் கூட்டுப்பண்ணையின் உறுப்பினர் என்று எழுதலாம் என அறிவித்தது. அதே ஆண்டு யூ லுவோக்கே குற்றமற்றவர் என்று பெய்ஜிங் நீதிமன்றம் அறிவித்தது; குசென் தாயின் பெயரிலிருந்த குற்றம் 1980இல் நீக்கப்பட்டது.