விஞ்ஞானமுறைக் குறிப்பீட்டில் எந்த எண் பெரிது?

பற்றீரியா 2 × 10⁻⁶ மீற்றராம், டெங்கு வைரசு 5 × 10⁻⁸ மீற்றராம். 5, 8 இரண்டுமே பெரிய இலக்கங்கள், பிறகு எப்படிப் பற்றீரியா பெரிது?

விஞ்ஞானமுறைக் குறிப்பீடு என்பது எந்த நேர் எண்ணையும், 1 அல்லது அதற்கு மேற்பட்ட, ஆனால் 10ஐ விடச் சிறிய ஓர் எண்ணை 10இன் வலுவால் பெருக்கி எழுதுவது. 0.000002இல் புள்ளியை 6 இடம் வலப்பக்கம் நகர்த்தினால் 2 வரும், அதனால் 10⁻⁶.

புறக்கோட்டையில் ஒருவர் கையில் இரண்டு 1000 ரூபாய்த் தாள், இன்னொருவர் கையில் ஒன்பது 100 ரூபாய்த் தாள். யாரிடம் காசு கூட? தாளின் பெறுமதியைத்தானே முதலில் பார்ப்போம். வலுதான் அந்தத் தாள். முன்னால் உள்ள எண் 10ஐ எட்டக்கூடாது என்ற விதி இருப்பதும் இதற்காகத்தான். இருபத்தைந்து நூறு ரூபாய்த் தாள் வைத்திருக்க விட்டால் கணக்குக் குழம்பிவிடும். வலு சமமாக இருந்தால் மட்டும் முன்னால் உள்ள எண்ணைப் பாருங்கள்.

−6, −8ஐ விடப் பெரிது. வகுத்துப் பார்த்தால் பற்றீரியா 40 மடங்கு நீளம்.

சுட்டியில் மறைக்குறி இருப்பதால் எண் மறை எண்ணாகாது: 10⁻⁸ பூச்சியத்தை விடப் பெரியதுதான், மிகச் சிறியது, அவ்வளவே.