பேட்ச் அளவை 32 மடங்காக்கினால் லேர்னிங் ரேட்டை என்ன செய்வது?

கேள்வி: ஒரே ஜிபியுவில் ரெஸ்நெட்-18 மாதிரியை சிஃபார்-10 தரவில் பேட்ச் அளவு 128, லேர்னிங் ரேட் 0.1, மொமென்டம் 0.9 என்று வைத்து 200 ஈபாக் ஓட்டி வந்தேன். இப்போது எட்டு ஜிபியுக்கள் கிடைத்ததால் பேட்ச் அளவை 4096 ஆக்கினேன். லேர்னிங் ரேட்டை மாற்றாமல் விட்டால் டிரெயினிங் லாஸ் நன்றாக இறங்குகிறது, ஆனால் டெஸ்ட் துல்லியம் குறைகிறது. 32 மடங்காக்கி 3.2 என்று வைத்தால் தொடக்கத்திலேயே லாஸ் NaN ஆகிவிடுகிறது. பெரிய பேட்ச் கூர்மையான பள்ளத்தில் போய் நிற்கும் என்கிறார்களே, அதுதான் காரணமா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: கூர்மையைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு சிறு கணக்கைப் போட்டுவிடுவோம். சிஃபார்-10இல் பயிற்சிப் படங்கள் 50,000. பேட்ச் அளவு 128 என்றால் ஓர் ஈபாக்கில் எடைகள் 391 முறை திருத்தப்படுகின்றன. 200 ஈபாக்கில் 78,200 முறை. பேட்ச் அளவு 4096 ஆனதும் ஓர் ஈபாக்கில் 13 திருத்தங்களும், முழுப் பயிற்சியில் வெறும் 2,600 திருத்தங்களுமே மிஞ்சுகின்றன. லேர்னிங் ரேட்டை 0.1இலேயே விட்டுவிட்டால், அதே நீளமுள்ள அடியை முப்பதில் ஒரு பங்குத் தடவையே எடுத்து வைக்கிறீர்கள். எனவே உங்கள் முதல் சோதனையில் மாறியது பேட்ச் அளவு மட்டுமல்ல. பயிற்சி நடந்து கடந்த தொலைவும் மாறிவிட்டது.

இந்தக் குறையை ஈடுசெய்வதற்காகவே பேட்ச் அளவு எத்தனை மடங்காகிறதோ அத்தனை மடங்கு லேர்னிங் ரேட்டையும் உயர்த்தும் நேர்விகித விதி பிறந்தது. அதன் தர்க்கம் எளிது. சிறிய பேட்ச்சில் 32 அடிகள் வைக்கும் நேரத்தில் கிரேடியன்ட் பெரிதாக மாறாது என்று கொண்டால், அந்த 32 அடிகளின் கூட்டும், 32 மடங்கு பெரிய பேட்ச்சில் 32 மடங்கு நீளமாக வைக்கும் ஒரே அடியும் ஏறத்தாழ ஒரே இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். இரைச்சலின் பக்கமிருந்து பார்த்தாலும் இதே விடைதான் வருகிறது: மாதிரியெடுப்பதால் கிரேடியன்ட்டில் கலக்கும் இரைச்சல் எடைகளின் நகர்வை எவ்வளவு அலைக்கழிக்கும் என்பது, லேர்னிங் ரேட்டை பேட்ச் அளவால் வகுத்த விகிதத்தைப் பொறுத்தது; இரண்டையும் சேர்த்து உயர்த்தினால் அந்த விகிதம் மாறாது. ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் 2017இல் இமேஜ்நெட்டில் ரெஸ்நெட்-50ஐ 256 ஜிபியுக்களில் பேட்ச் அளவு 8192 வைத்து ஒரு மணி நேரத்தில் பயிற்றுவித்தது இந்த விதியைக் கொண்டுதான். அங்கே பேட்ச் 256க்கு 0.1 என்ற ரேட் 3.2 ஆனது, பிழை விகிதம் சிறிய பேட்ச்சில் கிடைத்ததற்கு ஏறக்குறைய சமமாகவே இருந்தது. பேட்ச் அளவை அதற்கு மேலும் ஏற்றியபோது அவர்களுக்கும் துல்லியம் சரிந்தது.

நீங்கள் வைத்ததும் அதே 3.2தான். ஆனாலும் உங்களுடையது வெடித்ததற்குக் காரணம், ‘கிரேடியன்ட் பெரிதாக மாறாது’ என்ற அனுமானம் பயிற்சியின் தொடக்கத்தில் சிறிதும் பொருந்தாது என்பதே. லாஸ் பரப்பின் ஒரு திசையில் வளைவு λ, மொமென்டம் β, லேர்னிங் ரேட் η என்றால், இரைச்சலற்ற நிலையில் அந்தத் திசையில் அடிகள் அடங்கி நிற்க வேண்டுமானால் பின்வருவது பொருந்த வேண்டும்:

```
λ < 2(1 + β) / η
```

β = 0.9 எனும்போது, η = 0.1க்கு இந்த வரம்பு 38; η = 3.2க்கு 1.2 மட்டுமே. புதிதாகத் தொடங்கிய வலையில் ஏதேனும் ஒரு திசையிலாவது வளைவு 1.2ஐத் தாண்டி நிற்பது சாதாரணம்; அந்தத் திசையில் ஒவ்வோர் அடியும் முந்தையதைவிடப் பெரிதாகத் தாவி, முடிவில் NaN ஆகிறது. ரேட்டை மெல்ல உயர்த்தும் வார்ம்-அப் இங்கேதான் உதவுகிறது: வரம்பு சிறிது சிறிதாக இறங்கும்போது, வளைவு குறைந்த பகுதிகளுக்கு நகர எடைகளுக்கு அவகாசம் கிடைக்கிறது.

வார்ம்-அப் வைக்கும்போது பலரும் இடறும் ஓர் இடம் உண்டு. இமேஜ்நெட் சோதனையில் வார்ம்-அப் 5 ஈபாக் என்று படித்துவிட்டு அதையே சிஃபாருக்கும் எழுதிவிடுகிறார்கள். அங்கே 5 ஈபாக் என்பது ஏறத்தாழ 780 திருத்தங்கள். உங்களிடம் அது 65. வார்ம்-அப்பை ஈபாக்கில் எண்ணாமல் திருத்தங்களில் எண்ணுங்கள். 400இல் தொடங்கலாம்:

```python
if step < 400:
    lr = 0.1 + (peak - 0.1) * step / 400
```

`peak` மதிப்பை நேரே 3.2 என்று வைக்காமல் 0.8, 1.6, 3.2 மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். 32 மடங்கு என்பது பெரிய தாவல். நேர்விகித விதி எந்த எல்லை வரை செல்லும் என்பது தரவுக்கும் வலைக்கும் ஏற்ப மாறுகிறது. எஸ்ஜிடிக்குப் பதில் ஆடம் பயன்படுத்துவோருக்கு வர்க்கமூல விதியே பொருத்தமான தொடக்கம். அதன்படி 32 மடங்கு பேட்ச்சுக்கு ரேட் சுமார் 5.7 மடங்குதான் ஏறும்.

இனி கூர்மைக்கு வருவோம். கெஸ்கரும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் காட்டியது, பெரிய பேட்ச்சில் பயின்ற மாதிரிகள் வளைவு மிகுந்த பள்ளங்களில் நின்றன, டெஸ்ட் தரவில் பின்தங்கின என்பதை. மேலே எழுதிய வரம்பைக் கொண்டு இதில் ஒரு பகுதியைப் புரிந்துகொள்ளலாம். ரேட் 0.1இலேயே நின்றதும், பேட்ச் பெரிதானதால் இரைச்சல் குறைந்ததும் சேர்ந்து, குறுகலான பள்ளத்திலிருந்து எடைகளை வெளியே தள்ள எதுவும் இல்லாமல் போகிறது. ஆகவே உங்கள் முதல் ஓட்டத்துக்கு அந்த விளக்கம் பொருந்தக்கூடும். ஆனால் அதை அளந்து நிறுவுவது எளிதன்று. டின்னும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் சுட்டிக்காட்டியபடி, ரெலு வலையில் ஓர் அடுக்கின் எடைகளை ஒரு நேர் எண்ணால் பெருக்கி அடுத்த அடுக்கை அதே எண்ணால் வகுத்தால் வலை கணிப்பது அணுவளவும் மாறாது, வளைவு மட்டும் விரும்பியபடி மாறும். பேட்ச் நார்ம் உள்ள அடுக்குகளிலோ எடைகளைப் பத்து மடங்காக்கினாலே அவற்றின் வளைவு நூறில் ஒரு பங்காகிவிடும். எனவே இரு மாதிரிகளின் வளைவு எண்களை அப்படியே ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வதை நான் ஏற்பதில்லை.

அதைவிடப் பயன்படும் சோதனை, திருத்தங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது. ஹாஃபரும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் பெரிய பேட்ச்சுக்குக் கூடுதல் திருத்தங்கள் கொடுத்தும், பேட்ச் நார்ம் புள்ளிவிவரத்தைச் சிறு குழுக்களாகக் கணக்கிட்டும் இந்த இடைவெளியின் பெரும்பகுதியை மூடினார்கள். உங்களிடம் ஒவ்வொரு ஜிபியுவும் தன் 512 படங்களுக்கே பேட்ச் நார்ம் கணக்கிட்டால் பிந்தையது ஓரளவு தானாகவே நடக்கிறது. எனவே வார்ம்-அப்புடன் சிறந்த `peak` கிடைத்த பிறகு, ரேட் குறையும் கட்டங்களையும் அதே விகிதத்தில் நீட்டி 400 ஈபாக் ஓட்டுங்கள். துல்லியம் மீண்டுவிட்டால், போதாமல் இருந்தது திருத்தங்களே. மீளாமல், டிரெயினிங் லாஸ் மட்டும் பழைய அளவுக்கே இறங்கியிருந்தால், பொதுமைப்படுத்தலில் உண்மையான இடைவெளி இருக்கிறது என்று கொண்டு பேட்ச்சைக் குறைக்க வேண்டியதுதான்.

இன்னும் இரண்டைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 50,000ஐ 4096ஆகப் பிரித்தால் கடைசியில் 848 படங்கள் கொண்ட பேட்ச் ஒன்று மிஞ்சும். அதற்கும் முழு ரேட் போவது நல்லதன்று என்பதால் `drop_last=True` வைத்துவிடலாம். பைடார்ச்சின் `DistributedDataParallel` எல்லா ஜிபியுக்களின் கிரேடியன்ட்டையும் சராசரியாக்கித்தான் தருகிறது. நீங்கள் லாஸை இன்னொரு முறை எட்டால் வகுத்திருந்தால், உண்மையில் ஓடிய ரேட் நீங்கள் எழுதியதில் எட்டில் ஒரு பங்கே.

சிஃபார்-10 போன்ற சிறு தரவுக்கு நான் 4096 வரை போக மாட்டேன். பேட்ச் 1024, `peak` 0.8, மேற்படி வார்ம்-அப் என்று வைத்தால் 200 ஈபாக்கில் ஏறத்தாழ 9,800 திருத்தங்கள் கிடைக்கின்றன, எட்டு ஜிபியுக்களுக்கும் தலா 128 படங்கள் போகின்றன.