"சாவி வரட்டும், அப்புறம் சம்பளம்" என்று சொல்லலாமா?

கேள்வி: டர்பன் சேட்ஸ்வொர்த்தில் புடவையும் பூஜைப் பொருளும் விற்கும் கடை வைத்திருக்கிறேன். 2 வருடம் 5 மாதமாக வேலை பார்த்த தம்பி, ஆகஸ்ட் 8 சனிக்கிழமை இரவு, "திங்களிலிருந்து வரமாட்டேன்" என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டார். மாதச் சம்பளம் 7,800 ராண்ட், வாரம் ஆறு நாள் வேலை. மார்ச் 1-இல் தொடங்கிய இந்த லீவு வருடத்தில் 3 நாள் லீவு எடுத்தார், 2 நாள் சம்பளமில்லாமல் வரவில்லை. போன வருட லீவில் 2 நாள் மிச்சம். ஷட்டர் சாவியும் கல்லாச் சாவியும் அவரிடம். தீபாவளி ஆர்டர் பாதியில் நிற்கிறது. சாவி வரும்வரை சம்பளத்தை நிறுத்தி வைக்கலாமா?

பதில்: நிறுத்தி வைக்க முடியாது, அக்கா. அவர் உழைத்த நாளுக்கான பணம் ஒரு கணக்கு. சாவியும் நோட்டீஸும் வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றாகக் கட்டுவதில்தான் பெரும்பாலான சிறு கடைக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் 1997-ஆம் ஆண்டு அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டப்படி, வேலை முடிந்த 7 நாட்களுக்குள் சேர வேண்டியது சேர்ந்துவிட வேண்டும். உங்கள் கணக்கில் அது ஆகஸ்ட் 15.

முதலில் அந்த வாட்ஸ்அப் செய்தி. ராஜினாமா எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். எஸ்எம்எஸ்-ஸில் அனுப்பிய ராஜினாமாவையே எழுத்து என்று தொழிலாளர் நீதிமன்றம் 2010-இல் ஏற்றுக்கொண்டது. அதனால் அந்த ஒரு வரி போதும்; நீங்கள் "ஏற்கவில்லை" என்று சொன்னாலும் அது செல்லும். ஆனால் கோபத்தில் அனுப்பியதா, யோசித்து அனுப்பியதா என்று ஒருமுறை போன் செய்து கேட்டுவிடுங்கள். கோபத்தில் எழுதியவர் திங்கள் காலை ஷட்டர் முன்னால் வந்து நிற்க, நீங்கள் திருப்பி அனுப்பினால், "நான் போகவில்லை, துரத்தினார்கள்" என்று 30 நாட்களுக்குள் வேலைத் தகராறுகளை விசாரிக்கும் சிசிஎம்ஏ-வுக்குப் போகலாம். அங்கே வழக்குப் போட அவருக்குச் செலவே இல்லை.

போனில் பேசும்போது வாயை அடக்கிக்கொள்ள வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஒரு வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர் நான்கு வார நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அவர் உடனே போனால் அந்த நான்கு வாரத்துக்கு நீங்கள் சம்பளம் தர வேண்டாம், உழைக்காத நாளுக்குக் கூலி இல்லை. ஆனால் அவர், "சரி, நான்கு வாரம் வருகிறேன்" என்று சொல்லி, நீங்கள், "வேண்டாம், இன்றோடு போ" என்று சொல்லிவிட்டால், நான்கு வாரச் சம்பளம் உங்கள் தலையில். உங்கள் கணக்கில் அது 7,200 ராண்ட். ஆகவே ஒரு பதில் எழுதி அனுப்புங்கள்: "உங்கள் ராஜினாமா வந்தது. நான்கு வார நோட்டீஸ் உண்டு, வேலைக்கு வந்தால் சம்பளம் தருகிறேன். வர முடியாது என்றால் கடைசி நாளை எழுதிச் சொல்லுங்கள்." அவர் வராமல் போனதற்காக நோட்டீஸ் பணத்தை நீங்களாகவே சம்பளத்தில் பிடித்துக்கொள்ளக் கூடாது. அவர் எழுதிச் சம்மதித்தால் பிடிக்கலாம். இல்லையென்றால் உண்மையில் நேர்ந்த நஷ்டத்தை நிரூபித்துத் தனியாகக் கேட்க வேண்டும். சிறு கடைக்கு அது பெரும்பாலும் மினக்கெடத் தகுந்த வேலை இல்லை.

இப்போது பணத்தைப் போடுவோம். மாதச் சம்பளத்தை நாலே மூன்றில் ஒன்றால் வகுத்தால் வாரச் சம்பளம்: 7,800 போய் 1,800 ஆகிறது. ஆறு நாளால் வகுத்தால் ஒரு நாள் 300 ராண்ட். ஆகஸ்ட்டில் சனி 1 முதல் சனி 8 வரை ஞாயிறு நீங்கலாக 7 நாள் வேலை, அது 2,100.

அடுத்து, பலர் விட்டுவிடும் லீவு. நான்கு மாதத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு, முடியாத லீவு வருடத்துக்கு, வேலை செய்த அல்லது சம்பளம் பெறத் தகுதியான ஒவ்வொரு 17 நாளுக்கும் ஒரு நாள் கூலி குறைந்தபட்சம் தர வேண்டும். மார்ச் 2 திங்கள் முதல் ஆகஸ்ட் 8 வரை 23 வாரம், அதாவது 138 நாள். சம்பளமில்லாத 2 நாளைக் கழித்தால் 136. அதை 17-ஆல் வகுத்தால் 8. எடுத்த 3 போக 5, போன வருடத்து 2 சேர்த்து 7 நாள். அதுவும் 2,100. மொத்தம் 4,200, வேலையின்மைக் காப்பீட்டு நிதியான யுஐஎஃப்-புக்கு ஒரு சதவீதம் 42 கழிந்தால் கையில் 4,158. எடுக்காத நோய் லீவுக்குப் பணம் கிடையாது. தானாக விலகியவருக்குப் பணிநீக்க இழப்பீடும் கிடையாது.

சாவிக்கு வருவோம். எழுதிக் கேளுங்கள்: எந்தச் சாவி, எத்தனை, எந்த நாள், எங்கே ஒப்படைப்பது என்று. வரும்போது இரண்டு பேரும் கையெழுத்திட்ட ஒரு தாள், அவருக்கு ஒரு பிரதி. பணத்தையும் அதே சந்திப்பில் கொடுக்கலாம், ஆனால் ஒன்றுக்கு ஒன்று நிபந்தனை ஆக்காதீர்கள். "எல்லாம் தீர்ந்தது" என்று கையெழுத்துப் போட்டால்தான் பணம் என்றும் கேட்காதீர்கள். சாவி வருகிறதோ இல்லையோ, அலாரம் எண்ணை அன்றே மாற்றுங்கள். ஆயுதக் காவல் நிறுவனத்தில் அவசர அழைப்புக்கு அவர் பெயர் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். கார்டு மெஷினில் அவருடைய உள்நுழைவை நிறுத்துங்கள். உலோகச் சாவியை விட இவைதான் ஓசைப்படாமல் திறக்கும் கதவுகள்.

சாவியே தொலைந்துவிட்டது, பூட்டு மாற்ற 1,200 ராண்ட் ஆனது என்று வையுங்கள். அது வேலையின்போது, அவருடைய தவறால் தொலைந்ததாக இருக்க வேண்டும். விளக்கம் சொல்ல அவருக்கு நியாயமான வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும். பிடிப்பதற்கு அவர் எழுத்தில் சம்மதித்திருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தாலும் பண ஊதியத்தில் கால் பங்குக்கு மேல் பிடிக்க முடியாது: 4,200-இல் 1,050. கல்லாவில் பணம் குறைந்தாலும் இதே விதிதான். எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் தாமே கணக்குப் போட்டு முழுச் சம்பளத்தையும் நிறுத்திக்கொண்டார். குறைந்தது எவ்வளவு என்று காட்ட அவரிடம் எண்ணிய சீட்டு ஒன்றும் இல்லை, கடைசியில் முழுவதையும் கொடுத்தார். அதனால் இன்னொருவரை அருகில் வைத்துக் கல்லாவை இன்றே எண்ணி எழுதி வையுங்கள்.

பொறுப்பை வாங்கும்போது நீளப் பட்டியல் போடாதீர்கள். போகிறவர் அரை மணி நேரம்தான் உட்காருவார். மூன்று கேள்வி போதும். எந்தச் சப்ளையருக்கு எந்த ஆர்டர் எவ்வளவு முன்பணத்தோடு நிற்கிறது? தவணை கட்டி முடித்துப் பொருளை எடுத்துப்போகும் லே-பை புத்தகத்தில் ஏறாத பாக்கி யாருடையது? கடையின் வாட்ஸ்அப் எண் யார் போனில் இருக்கிறது? மூன்றாவதை லேசாக நினைக்க வேண்டாம். தீபாவளிப் புடவைக்கு முன்பணம் கட்டிய அம்மாக்கள் அந்த எண்ணுக்குத்தான் எழுதுவார்கள். எண் அவருடைய சொந்த சிம்மில் இருந்தால், வாடிக்கையாளருக்கு நீங்களே புது எண்ணைச் சொல்லுங்கள்.

பணம் கொடுக்கும்போது கணக்குச் சீட்டோடு பணிச் சான்றிதழும் கொடுங்கள்: பெயர், கடை முகவரி, சேர்ந்த நாள், விலகிய நாள், வேலை, கடைசிச் சம்பளம். விலகிய காரணத்தை அவர் கேட்டால் மட்டும் எழுதுங்கள். யுஐ-19 படிவத்தில் "ராஜினாமா" என்றே போட்டு அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் அனுப்புங்கள். "எனக்கு யுஐஎஃப் கிடைக்க, வேலையை விட்டு நீக்கியதாகப் போடுங்கள், அக்கா" என்று அவர் கெஞ்சலாம். தானாக விலகியவருக்கு வேலையின்மைப் பணம் பொதுவாகக் கிடைக்காது என்பதால் அந்த வேண்டுகோள் அடிக்கடி வருகிறது. அப்படி எழுதினால் பொய்ப் பதிவு உங்கள் கையெழுத்தில் நிற்கும், நாளைக்கு அதே தாளைக் காட்டி நீங்கள்தான் நீக்கினீர்கள் என்று அவர் சொல்லவும் வழியாகும்.