தேவையை நிறுவும் பிரச்சினைக் கூற்று

கேள்வி: எம்.எட். ஆய்வேட்டின் பிரச்சினைக் கூற்றை, 'ஆய்வின் தேவை நிறுவப்படவில்லை' என்று நெறியாளர் மறுபடியும் திருப்பித் தந்துவிட்டார். எப்படி மாற்றி எழுதுவது?

உங்கள் முதல் பத்தி 'வாசிப்பே கல்வியின் அடித்தளம்' என்ற வகையில்தான் தொடங்கியிருக்கும். யாரும் மறுக்காத செய்தியிலிருந்து தேவை பிறக்காது.

என்னிடம் ஆய்வு செய்த ஓர் ஆசிரியை, மூன்றாம் வகுப்பு வாசிப்பைத் தலைப்பாக எடுத்தார். 'கிராமப்புற மாணவர்களிடம் வாசிப்புத் திறன் குறைந்து வருகிறது. எனவே ஆய்வாளர் இத்தலைப்பைத் தேர்ந்தெடுத்தார்' என்று எழுதியிருந்தார். எப்போதிலிருந்து குறைகிறது, யார் அளந்தது என்று கேட்டேன். கிராமப்புறக் குழந்தைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்கும் அசர் அறிக்கைகளை எடுத்துப் பார்த்தோம். கிராமப்புற இந்தியாவில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 2018-இல் 27.3 சதவீதம், 2022-இல் 20.5, 2024-இல் 27.1. ஆக, 'குறைந்து வருகிறது' என்பதே நிற்கவில்லை. பெருந்தொற்றில் இறங்கியது பழைய நிலைக்கு ஏறிவிட்டது; ஆனால் அந்தப் பழைய நிலையிலேயே ஏறக்குறைய நான்கில் மூன்று பங்குக் குழந்தைகளால் வாசிக்க முடியவில்லை. பிரச்சினை சரிவு அல்ல, தேக்கம். கூற்றின் திசையே மாறிவிட்டது.

அந்த எண்ணோடு நிறுத்தியிருந்தாலும் போதாது. அசர் கிராமப்புற வீடுகளுக்குச் சென்று எடுக்கும் கணக்கு. நகரப் பள்ளி ஆய்வுக்கு அதைச் சான்றாக வைக்க முடியாது. குழந்தை ஏன் தடுமாறுகிறது என்றும் அது சொல்லாது. அதனால் அந்த ஆசிரியை எழுத்து, சொல், பத்தி, கதை என்ற படிநிலைகளில் தம் வகுப்புக் குழந்தைகளைத் தனித்தனியே வாசிக்க வைத்துக் குறித்துக்கொண்டார். தனிச் சொற்களைத் தயங்காமல் படித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நான்கு வரிப் பத்தியில் நின்றுவிட்டார்கள். பிறகு முந்தைய ஆய்வேடுகளைப் புரட்டினார். அவர் பார்த்தவை பெரும்பாலும் ஒரு கற்பித்தல் முறைக்கு முன்னும் பின்னும் மொத்த மதிப்பெண்ணை ஒப்பிட்டவை.

கூற்றின் கடைசி வரிகள் இப்படி அமைந்தன: 'முன்சோதனையில் சொற்களை வாசித்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் பத்தியில் தடுமாறினர். பரிசீலித்த ஆய்வுகள் மொத்த மதிப்பெண்ணையே அளந்தமையால், சொல்லிலிருந்து பத்திக்குச் செல்லும் கட்டத்தில் எது தடையாகிறது என்பது தெளிவாகவில்லை. அதை இவ்வாய்வு ஆராய்கிறது.'

ஒரு வகுப்பை வைத்து எதையும் நிறுவ முடியாது என்று சிலர் வாதிடலாம். அந்த முன்சோதனையை நான் முடிவாகச் சொல்லவில்லை. கேள்வி உண்மையானது என்று காட்ட மட்டுமே அது. ஆனால் 'இத்தலைப்பில் ஆய்வுகள் இல்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். யாரும் ஆராயாதது, ஆராயத் தேவையற்றதாகவும் இருக்கலாம்.

வாய்மொழித் தேர்வில் இதையெல்லாம் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தோம். புறத் தேர்வாளர் பக்க எண்ணிக்கையையும் அட்டையின் நிறத்தையும் பற்றிப் பேசிவிட்டுக் கிளம்பினார். பள்ளி வேலைக்கு நடுவே அந்த ஆசிரியை இரவில் உட்கார்ந்து எழுதிய பக்கங்கள் அவை; ஒருவராவது முதல் இயலைத் திறந்து ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது: உங்கள் கூற்றிலுள்ள 'குறைந்து வருகிறது', 'அதிகரித்துள்ளது', 'பெரும்பாலோர்' ஆகிய சொற்களை அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் எந்த ஆண்டு, அளந்தவர் யார், அளக்கப்பட்டவர் யார் என்று ஓரத்தில் எழுதுங்கள். எழுத முடியாததை நீக்கிவிட்டு நெறியாளரிடம் எடுத்துச் செல்லுங்கள்.