எல்லாம் சொல்கிறார், எதுவும் கேட்பதில்லை

கேள்வி: மேட்ரிமோனியில் பார்த்த வரன். நம்பர் கொடுத்து ஆறு வாரமாகிறது. காலை ஜிம் முதல் ராத்திரி தோசை வரை வாட்ஸ்அப்பில் நீளநீளமாக எழுதுகிறார். என்னைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. அம்மா 'ஒளிவுமறைவு இல்லாத பையன்' என்கிறார். அடுத்த மாதம் நிச்சயதார்த்தமாம். என்ன செய்வது?
- வாசகி, கோவை

பதில்: முதலில் கடந்த பத்து நாள் சாட்டைப் பின்னோக்கித் தள்ளி, உங்கள் பதில்களை மட்டும் படியுங்கள். "அப்புறம்?", "மேனேஜர் என்ன சொன்னார்?" என்றே பெரும்பாலும் முடிகின்றனவா? அப்படியானால் பேட்டி எடுப்பவர் நீங்கள். அவருக்குக் கேள்வி கேட்க வாய்ப்பே வரவில்லை. அவர் பக்கத்தில் "சாப்டாச்சா?" இருந்தால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது வணக்கம் மாதிரி.

இனி மூன்று நாள் கேள்வி கேட்காதீர்கள். அவர் எழுதியதற்கு ஒரு வரி பதில் போதும். கூடவே உங்கள் செய்தி ஒன்றைப் பாதியில் நிறுத்தி அனுப்புங்கள்: "இன்னைக்கு என்னை வேற டீமுக்கு மாத்திட்டாங்க. மனசே சரியில்ல."

"ஏன், என்னாச்சு?" என்று வந்தால் நல்லது. "எங்க ஆபீஸ்லயும் இப்படித்தான், போன வருஷம் என்னை..." என்று ஆரம்பித்தால் அவசரப்படாதீர்கள். சிலர் தன் கதையைச் சொல்லித்தான் ஆறுதல் சொல்வார்கள். அந்தக் கதை முடிந்ததும் உங்களிடம் திரும்புகிறாரா என்பதே சோதனை. பேச்சைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்தை அமெரிக்க சமூகவியலாளர் சார்ல்ஸ் டெர்பர் 1979-லேயே விவரித்திருக்கிறார். எப்போதாவது என்றால் எல்லோரும் செய்வதுதான், ஒவ்வொரு முறையும் என்றால்தான் சிக்கல். அதனால் சில நாள் கழித்து வேறு விஷயத்தில் இன்னொரு முறை பாருங்கள்.

இரண்டு முறையும் திரும்பவில்லையா? சாட்டில் வேண்டாம், போனில் நேராகச் சொல்லுங்கள்: "உங்க நாள் எப்படிப் போகுதுன்னு எனக்கு நல்லாத் தெரியுது. என்னைப் பத்தி நீங்க எதுவுமே கேட்கலையே, அது எனக்குக் குறையா இருக்கு." கூச்சத்தாலோ, 'பெண்ணிடம் துருவிக் கேட்கக் கூடாது' என்று வளர்ந்ததாலோ கேட்காதவர் இதற்குப் பிறகு மாறுவார்.

இங்கேதான் ஏமாறவும் வாய்ப்பு. மறுநாளே பிடித்த கலர், பிடித்த சாப்பாடு என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, நாலாம் நாள் பழையபடி ஜிம் புராணத்துக்குப் போய்விடலாம். கேள்விகளின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். நீங்கள் சொன்னது அவர் நினைவில் நிற்கிறதா என்று பாருங்கள். "புது டீம் லீட் எப்படி?" என்று இரண்டு நாள் கழித்துத் தானாகக் கேட்டால் அது உண்மையான மாற்றம்.

இதற்கெல்லாம் இரண்டு வாரம் ஆகும். தேதி குறிக்க அதுவரை பொறுக்கச் சொல்லுங்கள். அம்மாவிடம் 'பிடிக்கலை' என்று ஆரம்பித்தால் ஜாதகம், சம்பளம் என்று பேச்சு வேறெங்கோ போகும். "நான் என்ன வேலை பார்க்கிறேன்னு அவர்கிட்டக் கேட்டுப் பாரும்மா" என்று மட்டும் சொல்லுங்கள்.