நண்பனின் எச்ஆர்வி 79, என்னுடையது 50

"இருவருக்கும் 34 வயது. அவன் வாட்ச் 79 காட்டுகிறது, என் ஸ்மார்ட் மோதிரம் 50தான். என் இதயத்தில் கோளாறா?"

எச்ஆர்வி என்பது இதயத் துடிப்புகளுக்கு இடையிலான நேரம் எவ்வளவு மாறுகிறது என்பதைக் காட்டும் எண். இந்த இரண்டு எண்களும் ஒரே இதயத்திலிருந்தே வரலாம். அடுத்தடுத்த துடிப்புகளுக்கு இடையிலான நேரம் 800, 850, 900, 950, 1000 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில வாட்ச்கள் எஸ்டிஎன்என் என்ற கணக்கைக் காட்டும். சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கும் அதில் விடை சுமார் 79. பல மோதிரங்கள் ஆர்எம்எஸ்எஸ்டி காட்டும். பக்கத்துத் துடிப்புகளுக்கு இடையிலான வித்தியாசத்தை மட்டும் பார்க்கும் அதில் விடை 50. இதயம் ஒன்று, விடை இரண்டு!

அவனுடையது பகலில் எடுத்த அளவா, தூக்கத்தில் எடுத்ததா என்றும் கேளுங்கள். அதுவும் எண்ணை மாற்றும்.

சரி, இருவரும் ஒரே மோதிரம் போட்டால்? அப்போதும் பயனில்லை. ஒரே வயதில், நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும் இருவரில் ஒருவருக்கு மற்றவரைப் போல இரண்டு மடங்கு இருப்பது சகஜம். பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு.

உங்கள் 50ஐ உங்கள் கடந்த சில வார எண்களோடு ஒப்பிடுங்கள். வழக்கமாக 48–55 என்றால் இது உங்கள் இயல்பு. ஒரு வாரமாக 35லேயே நின்றால் தூக்கக் குறைவா, காய்ச்சலா, மதுவா என்று யோசிக்கலாம். படபடப்போ மயக்கமோ இருந்தால் எண் எதுவானாலும் மருத்துவரைப் பாருங்கள்.