கோர்ட்டிசோல் சரி, உடம்பு ஏன் உளைகிறது?

அன்புள்ள டொக்டர் ஐயாவுக்கு,

நான் மல்லாவிப் பக்கம். முன்பள்ளி ஆசிரியை, வயது 34. தை மாதம் முகமும் காலும் வீங்கி, சிறுநீரில் புரதம் போகிறது என்று பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை 60 மில்லிகிராம் தொடங்கினார்கள். வீக்கம் வற்றிவிட்டது. எட்டு மாதமாக மெல்ல மெல்லக் குறைத்து வந்து, கடைசியில் 10இல் இருந்து 5, பிறகு இரண்டே கிழமையில் நிறுத்தம். நிறுத்தி மூன்று கிழமை ஆகிறது. தொடை, தோள், விரல் மூட்டெல்லாம் உளைவு. வெள்ளன எழும்ப ஏலாது. பிள்ளைகள் பாடினால்கூட எரிச்சல் வருகிறது, காரணமில்லாமல் அழுகிறேன். காலை எட்டு மணிக்கு எடுத்த கோர்ட்டிசோல் 396. “நோர்மல், ஒன்றுமில்லை” என்று சொல்லிவிட்டார்கள். அம்மா பஞ்சி என்கிறா. என் அட்ரினல் சுரப்பி செத்துவிட்டதா? மிச்சம் இருக்கிற குளிசையைத் திரும்பப் போடட்டா?

ஒரு வாசகி, மல்லாவி

அன்புள்ள பிள்ளைக்கு,

சுரப்பி சாகவில்லை. சிறுநீரகத்தின் மேல் இருக்கிற அந்தச் சுரப்பி தானாகச் சுரக்கிற ஸ்டீரொயிட்தான் கோர்ட்டிசோல், அந்த 396 அதைத்தான் சொல்கிறது. ஆனால் “ஒன்றுமில்லை” என்பதை நான் ஏற்கமாட்டேன். நீங்கள் எழுதியிருப்பது பஞ்சியும் இல்லை, கற்பனையும் இல்லை. ஸ்டீரொயிட் விலகல் என்று அதற்குப் பெயர் உண்டு. குளிசையைக் குறைத்ததும் மூட்டும் தசையும் நோகும், மனம் சோரும், ஆனால் கோர்ட்டிசோலைப் பார்த்தால் சரியாக இருக்கும் என்று அமட்ரூடா என்ற அமெரிக்க மருத்துவரும் கூட்டாளிகளும் 1965இலேயே எழுதியிருக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒரு வளர்ந்த ஆளின் உடம்பு ஒரு நாளைக்குச் சுரக்கிற கோர்ட்டிசோலைப் பிரெட்னிசொலோனாக மாற்றிச் சொன்னால் ஏறக்குறைய 4 முதல் 6 மில்லிகிராம் வரும். நீங்கள் தொடங்கியது 60இல். மாதக்கணக்காக இயற்கை அளவைவிடப் பல மடங்கு உங்கள் தசையிலும் மூட்டிலும் மூளையிலும் ஓடியிருக்கிறது. வன்னியில் இருக்கிற உங்களுக்கு இதை வயலை வைத்தே சொல்லலாம். மாதக்கணக்காகத் தண்ணீர் கட்டி நின்ற வயலில் நெல்லுக்கு வேர் ஆழம் போகாது. பிறகு வாய்க்காலில் எல்லாருக்கும் வருகிற முறைத்தண்ணீர்தான் வருகிறது, ஆனாலும் அந்தப் பயிர் வாடும். குளத்திலும் தண்ணீர் இருக்கிறது, துருசும் திறந்திருக்கிறது, பழகிப்போன பயிருக்குத்தான் அது காணாது. உங்கள் நிலை இதுதான். உண்மையான அட்ரினல் குறைபாடு என்றால் குளமே வற்றிக் கிடக்கிறது என்று அர்த்தம்.

உளைவு வருவதற்கும் அழுகை வருவதற்கும் காரணம் உண்டு. ஸ்டீரொயிட் இருக்கும்வரை உடம்பில் அழற்சியைக் கிளப்பும் பொருட்களை அது அமுக்கி வைத்திருக்கும். கையை எடுத்ததும் அவை துள்ளி எழும்பும். காய்ச்சல் தொடங்கும்போது உடம்பு முறிக்குமே, ஏறக்குறைய அந்த நோ. மூளையிலும் அப்படித்தான். அவ்வளவு ஸ்டீரொயிட் வெளியில் இருந்து வந்தபோது, மூளை தன் பாட்டில் சுரக்கிற சில இரசாயனங்களைக் குறைத்துவிடுகிறது. அதில் நோவைத் தணிக்கிற எண்டோர்பினும் சேர்த்தி. அது பழைய நிலைக்கு வரக் காலம் எடுக்கும். அதனால்தான் உங்களுக்குப் பிள்ளைகளின் பாட்டு எரிச்சலாக இருக்கிறது. அம்மாவுக்கு இந்தப் பந்தியை வாசித்துக் காட்டுங்கள்.

சரி, உண்மையான குறைபாடு எப்படி இருக்கும்? எனக்கு அதைக் கற்றுத் தந்தவர் மாங்குளம் பக்கத்து விவசாயி ஒருவர். முழங்கால் நோவுக்கென்று யாரோ கொடுத்த ஸ்டீரொயிட் குளிசையை ஒரு வருடத்துக்கு மேல் போட்டு, முடிந்ததும் அப்படியே விட்டுவிட்டார். உங்களைப்போலத்தான் வந்தார். உடம்பெல்லாம் உளைவு, ஒன்றிலும் மனமில்லை. விதைப்பு நேரம், கடன், அதனால் மனச்சோர்வு என்று நான் நினைத்தேன். அந்தப் பிழை என்னுடையது. நாலு நாள் கழித்துக் காய்ச்சலோடு திரும்ப வந்தார். அன்றைக்குத்தான் அவரை எழும்பி நிற்கச் சொன்னேன். கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார், முகம் வெளுத்தது. படுத்திருக்கும்போது 106 இருந்த பிறசர், நின்றதும் 78. இரண்டு நாளாகச் சத்தி. இரத்தத்தில் சோடியம் 124. கோர்ட்டிசோல் 58 என்று பிறகுதான் வந்தது. அதற்குக் காத்திராமல் ஹைட்ரோகோர்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசியும் சேலைனும் கொடுத்தோம். பின்னேரம் எழும்பி இருந்து தேத்தண்ணி கேட்டார்.

உளைவும் மனச்சோர்வும் இரண்டிலும் ஒன்றுதான், அதை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. பிரித்துக் காட்டுவது மற்றவை: நின்றதும் பிறசர் விழுவது, நிற்காத சத்தி, சோடியம் குறைவது, சீனி இறங்குவது, ஒரு சின்னக் காய்ச்சலுக்கே ஆள் சரிந்து போவது. தோல் கறுத்துப்போகும், உப்பு தின்ன ஆசை வரும் என்று எங்காவது வாசித்திருப்பீர்கள். அது சுரப்பியே பழுதாகிற அடிசன் வருத்தத்தில். குளிசையால் வருகிற குறைபாட்டில் சுரப்பி பழுதில்லை. அதை எழுப்புகிற மூளைப் பக்கம்தான் தூங்கிப் போயிருக்கிறது. உப்பைப் பார்க்கிற அல்டொஸ்ரெரோனைச் சிறுநீரகம் தனியாக ஆளுவதால் அது தொடர்ந்து ஓடும். அதனால் தோல் கறுக்கவில்லை, பொட்டாசியம் சரி என்று யாரும் ஆறுதல் அடையக்கூடாது. அந்த மனிசனுக்கும் அவை சரியாகத்தான் இருந்தன.

அப்புறம் அந்த எண். காலை எட்டு, ஒன்பது மணிக்குள் எடுத்த கோர்ட்டிசோல் லீற்றருக்கு 300 நனோமோலுக்கு மேல் இருந்தால் சுரப்பி விழித்துவிட்டது என்று எடுக்கலாம். 150க்குக் கீழே என்றால் இன்னும் தூக்கம், குளிசையை விடக்கூடாது. நடுவில் நின்றால் சில கிழமை பொறுத்துத் திரும்ப எடுப்பார்கள், அல்லது சினாக்தென் ஊசி போட்டுச் சுரப்பி பதில் சொல்கிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் எந்த நேரம், எந்த நிலையில் எடுத்தது என்று தெரியாமல் எண்ணை நம்பக்கூடாது. முதல் பஸ்ஸில் வந்து, வரிசையில் நின்று, பதினொரு மணிக்கு இரத்தம் கொடுத்தால் நல்ல சுரப்பிக்கும் எண் குறைவாக வரும். அன்று காலை பிரெட்னிசொலோன் விழுங்கிவிட்டு வந்தால் பல ஆய்வுகூட முறைகள் குளிசையையும் கோர்ட்டிசோல் என்று எண்ணி, பொய்யாகக் கூட்டிக் காட்டும். அதனால்தான் கடைசிக் குளிசைக்கு 24 மணி நேரம் கழித்து எடுக்கச் சொல்வது. குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையில் ஈஸ்ட்ரஜன் இருந்தால் அதுவும் எண்ணை ஏற்றும். நீங்கள் அதை எடுப்பவராக இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், 396ஐத் திரும்ப யோசிக்க வேண்டிவரும். எடுக்கவில்லை என்றால், எட்டு மணிக்கு, குளிசை விட்டு மூன்று கிழமைக்குப் பிறகு எடுத்த 396 நம்பக்கூடிய எண்.

இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது. பழைய வருத்தம் திரும்புகிறதா? உங்களுக்கு இது லேசு. மூட்டு வாதத்துக்கு ஸ்டீரொயிட் எடுத்தவருக்கு விலகல் நோவா, வாத நோவா என்று பிரிப்பது பெரிய பாடு. உங்கள் வருத்தம் சிறுநீரில் தெரியும். ஒரு புரதப் பட்டி நனைத்துப் பார்த்தால் போதும். அது சுத்தமாக இருந்து, காலையில் கண்மடல் வீங்கவில்லை என்றால் வருத்தம் திரும்பவில்லை. ஒன்றை மட்டும் தனியாகக் கவனியுங்கள். நோ ஒரு பக்கக் கவட்டில் மட்டும் நின்று, நடக்க நடக்கக் கூடினால் அது விலகல் இல்லை. கூடிய ஸ்டீரொயிட் இடுப்பு எலும்பின் தலைக்கு இரத்த ஓட்டத்தைக் கெடுப்பதுண்டு, அதற்கு ஸ்கான் வேண்டும்.

இனிக் குளிசை. நீங்களாகப் போடவேண்டாம். விலகல் தாங்க முடியாமல் இருந்தால், கடைசியாகச் சுகமாக இருந்த அளவுக்குத் திரும்பப் போய், சில கிழமை அதில் நின்று, பிறகு மாதத்துக்கு ஒரு மில்லிகிராமாக இறங்குவதுதான் வழமை. ஒரு மில்லிகிராம் குளிசை கிடைக்காத இடத்தில் ஐந்தைப் பாதியாக்கி இறங்குவோம். ஆனால் உங்கள் சுரப்பி விழித்துவிட்டது, திரும்பக் குளிசை கொடுத்தால் அது மறுபடி சோம்பலாம். ஆகவே வேலைக்குப் போய்வர முடிகிறது, சாப்பாடு இறங்குகிறது என்றால் குளிசை இல்லாமலே பொறுத்திருப்பதைத்தான் நான் தெரிவு செய்வேன். இது பெரும்பாலும் கிழமைகளில், சிலருக்குச் சில மாதங்களில் அடங்கும். எழும்பவே முடியவில்லை என்றால், 5 மில்லிகிராமுக்குத் திரும்பிப் போவதைப் பற்றி உங்கள் கிளினிக் டொக்டரிடம் கேளுங்கள். நோவுக்குப் பரசிற்றமோல் போதும். கடையில் கொடுக்கிற டைக்ளோபினாக், ஐபுபுரோபென் இரண்டையும் தொடவேண்டாம், உங்கள் சிறுநீரகத்துக்கு அவை கூடாது.

அழுகையைப் பற்றி நேராகவே கேட்கிறேன், பிள்ளை. இருந்து என்ன, போனால் என்ன என்ற நினைப்பு எப்போதாவது வந்ததா? வந்திருந்தால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்கக்கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அல்லது 1926க்கு எடுங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம். மருந்து விலகினதால் வந்த நினைப்பு என்றாலும் ஆபத்து ஆபத்துத்தான்.

அடுத்த முறை கிளினிக் போகும்போது கொப்பியில் மூன்று விஷயம் எழுதிக் கொண்டுபோங்கள். எந்தெந்தத் திகதியில் எத்தனை மில்லிகிராம் குறைத்தீர்கள், உளைவு எந்த அளவில் தொடங்கியது, படுத்தும் நின்றும் எடுத்த பிறசர். கடைசியை உங்கள் ஊர் ஆஸ்பத்திரித் தாதியிடம் கேட்டாலே எடுத்துத் தருவா: ஐந்து நிமிடம் படுத்து ஒன்று, எழும்பி ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்று நிமிடத்தில் இன்னொன்று. மேல் எண் 20க்கு மேல் விழுந்தாலோ, சத்தி தொடங்கினாலோ, காய்ச்சலோடு மயக்கம் வந்தாலோ 396ஐ மறந்துவிட்டு அன்றைக்கே போங்கள். வாசலிலேயே, “எட்டு மாதம் ஸ்டீரொயிட் எடுத்தனான், நிறுத்திக் கொஞ்ச நாள்தான்” என்று சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் ஊசி நேரத்துக்கு வரும்.